மூன்று நிமிடம் ஒரு சுற்று

தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிகளுக்கும் நடுவே கயலுக்குக் கிடைத்தது ஒரு பாய் விரிக்கும் இடம்தான். குத்துச்சண்டைப் பயிற்சிக்கு அது போதும் என்றாள். காலை ஐந்தரைக்குக் கயிறு தாண்டுவாள். அப்புறம் காற்றோடு சண்டை. மூன்று நிமிடம் ஒரு சுற்று, ஒரு நிமிடம் ஓய்வு.

முதலில் வந்தது புகார். “தலைக்கு மேல இடி விழுது” என்று கீழ்வீட்டுப் பாட்டி மூச்சிரைக்க ஏறி வந்தார். கயல் பழைய பாயை மடித்துக் காலடியில் போட்டுக்கொண்டாள். பாட்டி இறங்கவில்லை. “இடது கை கீழ இறங்குது பாரு, முகத்துல வாங்குவே” என்றார். அவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. மறுநாள் கடிகாரத்தோடு வந்துவிட்டார்.

பிறகு அவர் பேரன், மூட்டுவலிக்காரர் ஒருவர், கல்லூரிப் பெண்கள் இருவர். கொடிகளை ஓரமாக நகர்த்திக் கட்டினார்கள்.

மாவட்டப் போட்டியில் கயல் காலிறுதியிலேயே தோற்றாள். மறுநாள் எழவே இல்லை. ஐந்தரைக்குக் கதவு தட்டப்பட்டது.

“மேல பதினோரு பேர் நிக்கிறாங்க, கயிறு யாருகிட்ட இருக்கு?” என்றார் பாட்டி. “இடது கை பத்தி அப்புறம் பேசிக்கலாம்.”