என்னைப் பற்றி

இங்கே ஆறு வருடமாக "எங்களைப் பற்றி" என்றுதான் இருந்தது. "எங்கள் அனுபவமிக்க குழு", "எங்கள் சம்பளப் பிரிவு", "எங்கள் தலைமை அலுவலகம்" என்றெல்லாம் எழுதி வைத்திருந்தேன். குழு நான்தான், சம்பளப் பிரிவும் நான்தான். தலைமை அலுவலகம் என்பது பட்டர்வொர்த்தில் என் வீட்டு முன்னறை. சாரல் அடித்தால் ஜன்னலோரத்துக் கோப்புகளை நகர்த்தி வைப்பதும் நானே.

போன வருடம் ஒரு கடைக்காரத் தம்பி அழைத்து, சம்பளப் பிரிவில் யாரிடமாவது பேச வேண்டும் என்றார். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிப் போனைக் கவிழ்த்து வைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு எடுத்து, கொஞ்சம் கனத்த குரலில் "வணக்கம்" என்றேன். "அக்கா, நீங்கதானே?" என்றார். ஒரு பெண் தனியாக உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறாள் என்றால் யார் நம்பிக் கொடுப்பார்கள் என்ற பயத்தில் எழுதியதுதான் அந்த "நாங்கள்". அந்தத் தம்பி இன்னும் என் வாடிக்கையாளர்தான்.

சரி, நான் யார்? பிறையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் 11 வருடம் கணக்கு எழுதியவள். 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி வந்தபோது அரிசிக்கு வரி இல்லை, பிஸ்கட்டுக்கு 6 விழுக்காடு என்று ஒவ்வொரு சரக்காகப் பிரித்து இரவெல்லாம் கணினியில் ஏற்றியிருக்கிறேன். 2018 ஜூனில் அந்த வரி பூஜ்ஜியமானது, செப்டம்பரில் எஸ்எஸ்டி வந்தது, மறுபடியும் எல்லாவற்றையும் மாற்றினோம். மாற்றம் வந்தால் கடைக்காரர் எங்கே தடுமாறுவார் என்பதை அங்கேதான் கற்றேன். 2019-இல் வெளியே வந்து என் பெயரில் தொழிலைப் பதிந்தேன்.

இப்போது ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் 13 கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். மளிகை, துணி, உணவகம், ஒரு பூக்கடை. மாதக் கணக்கு, சம்பளம், இபிஎஃப், சொக்சோ. அப்புறம் இ-இன்வாய்ஸ். இப்போது வரும் அழைப்புகளில் பாதி அதைப் பற்றித்தான். தனித்தனியாக இன்வாய்ஸ் கேட்காத வாடிக்கையாளர்களின் விற்பனையை ஒன்றாகச் சேர்த்து, மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பதைப் பலரும் கடைசி நாளில்தான் கேள்விப்படுகிறார்கள்.

ஆனால் நான் முதலில் பார்ப்பது உங்கள் கணினியை அல்ல, ரசீதுகளை. ஓர் உணவகத்தில் முதலாளி அம்மா பெரிய பிஸ்கட் டின்னை முன்னால் வைத்தார். இரண்டு வருடத்து ரசீதுகள், ரப்பர் பேண்ட் போட்டு, மாதவாரியாக. ரொம்ப ஒழுங்கு. பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வெள்ளைத் தாள். கல்லா மிஷினில் வரும் அந்த வழவழப்பான தாளில் எழுத்து வெக்கையில் மங்கிப் போய்விடும். வருமான வரிச் சட்டப்படி அவற்றை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். சிலதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத் தொகையை மட்டும் எடுத்தோம், மற்றவற்றுக்குச் சரக்கு கொடுத்தவர்களிடமே நகல் கேட்டு நடந்தோம். அதனால் என்னோடு சேர்ந்தால் முதல் பாடம், ரசீது வந்த அன்றே படம் எடுப்பது.

இன்னொன்று. "நாங்கள்" என்று எழுதினால் படிக்கிற நீங்கள் வெளியே நிற்கிறீர்கள். உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தபிறகு என் வாயில் வருவது "நாம". "இந்த மாசம் நாம சீக்கிரம் அனுப்பிடலாம்ணே" என்றுதான் பேசுவேன். அந்த "நாம" மட்டும் எப்போதும் உண்மை, அதை விடப் போவதில்லை.

செய்யாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். நான் உரிமம் பெற்ற வரி முகவர் அல்ல, தணிக்கையாளரும் அல்ல. அந்த வேலைக்குத் தகுந்தவரைக் காட்டுவேன். அவர் கட்டணத்தை அவரிடமே கட்டுங்கள், நடுவில் எனக்குக் கமிஷன் கிடையாது.

ஒரே ஆள் என்பதால் 15 கடைக்கு மேல் எடுக்க மாட்டேன். இபிஎஃப் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், நான் 10-ஆம் தேதியே முடித்துவிடுவேன். தைப்பூசத்துக்கு மூன்று நாள் போன் எடுக்க மாட்டேன், குடும்பத்தோடு தண்ணீர்மலையில் இருப்பேன். எனக்கு டெங்கி வந்து படுத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். கணக்கு மென்பொருள் உங்கள் பெயரில், உங்கள் கடவுச்சொல்லோடு இருக்கும். நான் அதில் நீங்கள் அனுமதித்த ஓர் ஆள், அவ்வளவுதான். ஈப்போவில் இதே வேலை செய்யும் தோழி ஒருத்தி, உங்கள் சம்மதம் எழுத்தில் இருந்தால், மறுநாளே தொடர்வாள். நானும் அவளுக்கு அப்படித்தான்.

முதல் சந்திப்புக்குப் பணம் வேண்டாம், கோப்பி போதும். கடை அடைக்கும் நேரத்துக்கு வருகிறேன், அப்போதுதான் நிம்மதியாகப் பேச முடியும். வாட்சாப்பில் குரல் பதிவாக அனுப்பினாலும் சரி. இரவு ஒன்பதுக்கு மேல் வந்தால் காலையில்தான் கேட்பேன்.