குணுக்கு

ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு அடியில், சாயம் போன ஒரு சீட்டித் துணியில் முடிந்து கிடந்த பொட்டலத்தை வேணி எடுத்தபோது, அதன் அளவுக்குச் சற்றும் பொருந்தாத கனம் அவள் கையை இழுத்தது. முடிச்சை அவிழ்த்தாள். சாம்பல் நிறத்தில் ஆறு வளையங்கள் உருண்டன. இரண்டிரண்டாக ஒரே அளவில் இருந்த அவை, சிறியதிலிருந்து பெரியதாக வளர்ந்துகொண்டே போயின. ஒவ்வொன்றிலும் ஓரிடத்தில் வாய் பிளந்ததுபோல ஓர் இடைவெளி இருந்தது. மோதிரம் என்றால் விரலில் நிற்கவில்லை. குழந்தையின் காப்பு என்றால் மிகச் சிறிது. நோட்டின் ஓரத்தில் ஒன்றைத் தேய்த்துப் பார்த்தபோது பென்சில் கோடுபோலக் கருமை படிந்தது.

"மீன் வலையில் கட்டுகிற குண்டா ஆச்சி?" என்று கேட்டுக்கொண்டே அவள் திண்ணைக்கு வந்தாள்.

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்து பார்த்தார். "அது ஈயம் தாயீ. முதலில் கையைக் கழுவிவிட்டு வா, சொல்லுகிறேன்" என்றார்.

கழுவிவிட்டு வந்தவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆச்சி தம் காதை மறைத்திருந்த நரைமுடியை ஒதுக்கினார். காது மடலின் கீழே, கம்மலுக்குச் சற்றுத் தள்ளி, தோல் சுருங்கி ஒட்டிய ஒரு தழும்புக்கோடு ஓடியது. சிறு வயதிலிருந்தே வேணி பார்த்துவந்த கோடுதான்; எங்கோ விழுந்து பட்ட காயம் என்று அவள் நினைத்திருந்தாள்.

விளாத்திகுளத்துக்குப் பக்கத்துக் கரிசல் கிராமத்தில் ஆச்சி பிறந்த 1952ஆம் ஆண்டில், வேறு பல ஊர்களில் அந்த வழக்கம் நின்றுகொண்டிருந்தாலும், அவர் வீட்டில் பெண் குழந்தைக்குக் காது வடிப்பது விடாமல் நடந்தது. குத்திய துளையில் முதலில் பஞ்சுத் திரி வைத்தார்கள். துளை ஆறியதும், விரிய முயலும் பனையோலைச் சுருளை அதில் செருகினார்கள். அது தானாகவே விரிந்து துளையை அகலமாக்கியது. அதற்குப் பிறகு வந்தவைதான் இந்த ஈயக் குணுக்குகள். சிறிய சோடியின் கனத்துக்குக் காது பழகியதும் அடுத்த சோடியை மாட்டுவார்கள். இழுபட்டு இழுபட்டு மடல் தோளை நோக்கி இறங்கும். அந்தக் காதில்தான், கல்யாண வயதில், பாம்படம் ஏறும்.

"வலிக்கவில்லையா?"

"வலித்தது. ஓடினால் கன்னத்தில் அடிக்கும் என்று நடந்தே விளையாடினேன். ஆனால் அம்மாவின் காதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் அப்படி ஆகவேண்டும் என்றுதான் ஆசையாக இருந்தது."

கொள்ளு ஆச்சியின் பாம்படத்தைச் சொல்லும்போது ஆச்சியின் கைகள் கீரையை மறந்துவிட்டன. சதுரமும் உருண்டையும் தட்டுமாக அடுக்கி, உள்ளே அரக்கு அடைத்து, மேலே பொன் தகடு போர்த்திய அந்த நகை, அவர் களை எடுக்கக் குனிந்து நிமிரும்போதெல்லாம் தோளில் இடித்து ஆடுமாம். நிலம் ஆண்கள் பெயரில் இருந்த வீட்டில், அவருக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான். மகளுக்கும் அப்படி ஒரு சொத்து காதில் தொங்கவேண்டும் என்று நினைத்த அந்தத் தாயைக் கொடியவள் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

1969இல் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது, உடன் படிக்க இருந்த பெண்கள் எல்லாரும் பொட்டுக் கம்மல் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வந்த ஆச்சி, காதை அறுத்துத் தைக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கொள்ளு ஆச்சி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவரே மகளைப் பாளையங்கோட்டைக்குப் பேருந்தில் அழைத்துச் சென்றார்.

"அப்புறம் ஏன் இதை வைத்திருக்கிறீர்கள்? எடைக்குப் போட்டிருக்கலாமே" என்றாள் வேணி.

"நான் வைக்கவில்லை, அவள்தான் வைத்திருந்தாள். உன் அம்மா பிறந்தபோது, புளி போட்டுத் துலக்கி, இதே துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்று வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பூட்டியதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்."

"திட்டினார்களா?"

"இல்லை. பத்தாம் மாதம் காது குத்துக்கு வந்தபோது அவளுடைய ஒரு காது மூளியாக இருந்தது. அந்தப் பக்கத்துப் பாம்படத்தை ஆசாரியிடம் கொடுத்து அழித்து, உன் அம்மாவுக்குக் கடுகளவு கம்மல் இரண்டும் கழுத்துக்கு ஒரு சங்கிலியும் செய்து கொண்டுவந்திருந்தாள். அரக்கைத் தட்டி எடுத்த பிறகு பொன் இவ்வளவுதான் மிஞ்சியது என்று ஆசாரிமேல்தான் அவளுக்குக் கோபம்."