சனிக்கிழமை நேர்முகம்: யார், எத்தனை மணிக்கு, எந்த அறையில்

அண்ணாமார், அக்காமார், எல்லாருக்கும் வணக்கம். ஒக்டோபர் 3, சனிக்கிழமை திருநெல்வேலி மண்டபத்தில் நடக்கிற ஆட்சேர்ப்புக்கான நேர அட்டவணை இதுதான். கொஞ்சம் நீளம், ஆனால் தேத்தண்ணியோடு இருந்து ஒருக்கால் முழுதாக வாசித்துவிடுங்கள். அன்றைக்குக் காலையில் எட்டுப் பேர் எட்டுக் கேள்வியோடு என்னிடம் வந்தால் என்னால் சமாளிக்க ஏலாது.

போன முறை நடந்தது ஞாபகம் இருக்கும். எல்லாரையும் காலை 8:30க்கு வரச்சொன்னோம். மன்னாரிலிருந்து விடியமுன் வெளிக்கிட்டு வந்த ஒரு பெடியன் பின்னேரம் 3:40 வரைக்கும் அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தான், உள்ளே போனபோது நாங்களும் களைத்துப்போய் இரண்டு கேள்வியோடு அனுப்பிவிட்டோம். அவனுக்கு வேலை கிடைக்காததைவிட, அவனைச் சரியாகக் கேட்கவே இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துது. அதனால் இந்த முறை ஒவ்வொருவருக்கும் தனித்தனி நேரம். வந்ததிலிருந்து வெளியே போகும் வரை யாருக்கும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது.

வருகிறவர்கள் 36 பேர். மூன்று தொழில்நுட்பப் பனல், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். நான்காவது எச்.ஆர். பனல், அதில் எங்கள் மனேஜரும் கணக்குப் பகுதி அக்காவும். ஒருவருக்குத் தொழில்நுட்பப் பனலில் 25 நிமிடம், அவர் போன பிறகு புள்ளி போட 5 நிமிடம், ஆக மொத்தம் அரை மணித்தியாலம். எச்.ஆருக்கு 10 நிமிடம்தான், அங்கே சம்பள எதிர்பார்ப்பு, எப்போது சேரலாம், யாழ்ப்பாணத்தில் தங்க இடம் இருக்கா, அவ்வளவுதான் கேட்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். மூன்று பனலும் ஒரே நேரத்தில் தொடங்கினால் 8:55க்கு மூன்று பேரும் ஒன்றாக வெளியே வந்து எச்.ஆர். வாசலில் வரிசை கட்டுவார்கள், மூன்றாவது ஆள் சும்மா 20 நிமிடம் நிற்பார். பிறகு எச்.ஆர். வெறுமனே இருக்கும், திரும்பவும் மூன்று பேர் வருவார்கள். ஆகவே பத்துப் பத்து நிமிடம் தள்ளித் தொடங்குகிறோம். அப்படிச் செய்தால் எச்.ஆருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒருவர் வந்துகொண்டிருப்பார். ஒருவர் வெளியே வந்து, தண்ணி குடித்து, ஐந்து நிமிடத்தில் அடுத்த அறைக்குள் போய்விடலாம். இடைவேளைகளும் அதே மாதிரித் தள்ளித்தான் வரும்:

1ஆம் பனல் (கீழ் அறை): 8:30 தொடக்கம். தேநீர் 10:30–10:45, சாப்பாடு 12:15–1:00, தேநீர் 2:30–2:45, முடிவு 3:45.
2ஆம் பனல் (மேல்மாடி, வலது): 8:40 தொடக்கம். தேநீர் 10:40–10:55, சாப்பாடு 12:25–1:10, தேநீர் 2:40–2:55, முடிவு 3:55.
3ஆம் பனல் (மேல்மாடி, இடது): 8:50 தொடக்கம். தேநீர் 10:50–11:05, சாப்பாடு 12:35–1:20, தேநீர் 2:50–3:05, முடிவு 4:05.
எச்.ஆர். (கீழ், வாசலுக்குப் பக்கத்தில்): 9:00 தொடக்கம். தேநீர் 11:00–11:15, சாப்பாடு 12:45–1:30, தேநீர் 3:00–3:15, முடிவு 4:15.

ஒவ்வொரு தொழில்நுட்பப் பனலுக்கும் 12 பேர்: தேநீருக்கு முன் 4, சாப்பாட்டுக்கு முன் 3, பிறகு 3, கடைசியில் 2. எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட முடியாதே என்று குறை சொல்லாதீர்கள், அதற்குத்தான் கடைசியில் நாலே முக்காலுக்கு றோல்ஸ் இல்லாமல், புரட்டாசிச் சனி என்பதால் வடையும் பிளேன்ரீயும் வைத்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாடும் மரக்கறிதான்.

யாருக்கு எந்த நேரம் என்பதை ஊர் பார்த்துத்தான் போட்டேன், பெயரின் அகரவரிசையில் இல்லை. காலையில் முதல் 12 பேரும் டவுனையும் அதைச் சுற்றியும் உள்ளவர்கள். 10:45இலிருந்து 12:05 வரை தொடங்குகிற ஒன்பது இடம் மன்னார் 2, வவுனியா 4, நெடுந்தீவு 1, கிளிநொச்சி 2. நெடுந்தீவுப் பிள்ளை குறிகட்டுவானுக்குப் படகில் வந்து அங்கிருந்து பஸ் பிடிக்கவேண்டும், திரும்பவும் அதே பாடு, அதனால் அவளுக்கு 11:15. தயவுசெய்து அந்த நேரத்தை மட்டும் யாரும் மாற்றக் கேட்காதீர்கள். பின்னேரம் கிளிநொச்சி 4 பேரும் ஒரு மணிச் சுற்றிலும் அதற்கு அடுத்த சுற்றிலும் முடிந்துவிடுவார்கள், மிச்சம் வடமராட்சி 9, டவுன் 2. கடைசிச் சுற்றில் வருகிற மூன்று பேரும் கிட்ட இருக்கிறவர்கள்.

ஒருவருக்கு அனுப்புகிற செய்தி இப்படித்தான் இருக்கும்: “உங்கள் நேர்முகம் 10:45க்கு. 10:30க்கு வந்தால் போதும், அதற்கு முன் வரத் தேவையில்லை. இரண்டு அறைகளில் கதைத்து 11:30க்குள் நீங்கள் வெளிக்கிடலாம். பஸ் சுணங்கினால் இந்த இலக்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், உங்களுக்கு வேறு நேரம் தருவோம்.”

அந்த வேறு நேரம் எங்கே? ஒருவர் வராவிட்டால் பத்து நிமிடம் பார்ப்போம், பிறகு அந்த இடம் வெற்றிடம். சுணங்கி வந்தவர்களுக்கு அடுத்து வருகிற வெற்றிடம். அதுவும் இல்லாவிட்டால் கடைசியில் பனலுக்கு ஒன்றாக மூன்று இடம் (3:45, 3:55, 4:05) ஒதுக்கியிருக்கிறேன், அதனால்தான் எங்கள் கூட்டத்தை 4:50க்கு வைத்தேன். நேரத்துக்கு வந்து இருக்கிறவரைத் தள்ளிவிட்டுச் சுணங்கி வந்தவரை உள்ளே விடுகிற பழக்கம் இந்த முறை இல்லை, அவர் யாருடைய மருமகனாக இருந்தாலும்.

பனல் சுணங்கினால்? இருபதாவது நிமிடத்தில் கதவில் ஒருமுறை தட்டுவேன், அதற்கு அர்த்தம் ஐந்து நிமிடம் இருக்கு என்பது. ஒரு நல்ல பிள்ளை வந்து கதை சுவாரசியமாகப் போகும், எனக்கும் தெரியும், ஆனால் அந்த ஐந்து நிமிடம் வெளியே இருக்கிறவருடையது. மீறிவிட்டால் உங்கள் தேநீரிலிருந்து கழியும், அடுத்தவரின் 25இலிருந்து கழியாது. வெளியே ஒருவர் தன் நேரத்தைத் தாண்டிப் பத்து நிமிடம் இருந்தால் நான் போய் இன்னும் எவ்வளவு நேரம் என்று சொல்லிவிடுவேன், வேறு பனலில் வெற்றிடம் இருந்தால் அங்கே மாற்றுவேன். அதனால் மூன்று பனலும் ஒரே முதல் மூன்று கேள்வியைத்தான் கேட்கவேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் அட்டவணை நேரத்துக்குத் திரும்ப வாருங்கள், காலையில் வந்த சுணக்கத்தைப் பின்னேரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

புள்ளியை அந்த ஐந்து நிமிடத்திலேயே எழுதுங்கள். பின்னேரம் நாலு மணிக்கு இருந்து காலை ஒன்பது மணிக்கு வந்த பிள்ளையை நினைத்துப் பார்த்தால் சட்டையின் நிறம்தான் ஞாபகம் வரும்.

இருக்கிற இடத்துக்கு 12 கதிரை சொல்லியிருக்கிறேன். ஒரே நேரத்தில் மூன்று, நாலு பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள், ஆனால் பிள்ளையோடு கூட வருகிற அப்பாமார் இருக்கிறார்களே. மின்விசிறி இரண்டும் வேலை செய்கிறது, வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தபின் சொல்வேன் தண்ணிப் போத்தல் எத்தனை என்று.

பெயர்ப் பட்டியல் இதோடு இருக்கிறது. உங்கள் சொந்தக்காரரோ, நீங்கள் படிப்பித்த பிள்ளையோ, பக்கத்து வீட்டுக்காரரோ உங்கள் பனலில் இருந்தால் புதன்கிழமைக்குள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், அதே சுற்றில் அடுத்த பனலுக்கு மாற்றிவிடலாம், அவருக்குப் பத்து நிமிடம்தான் வித்தியாசம் வரும். வியாழக்கிழமை காலை எல்லாருக்கும் செய்தி போய்விடும், அதற்குப் பிறகு மாற்றமாட்டேன். மண்டபத் திறப்பு என்னிடம் இருக்கிறது, 7:45க்குத் திறப்பேன்.