பருவக் கட்டணம்: ஜனவரி 30க்குள் கட்டுங்கள், இயலாவிட்டால் 23க்குள் எங்களிடம் சொல்லுங்கள்

கட்டணப் பிரிவு
நாள்: 7 ஜனவரி 2026

அன்புள்ள மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

நடப்புப் பருவத்துக்கான கட்டணத்தை 2026 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை இரவு 11.59 வரை மாணவர் இணையதளத்தில் கட்டலாம். வளாகத்தில் உள்ள வங்கிக் கிளையில் ரொக்கமாகக் கட்டுபவர்கள் அன்று பிற்பகல் 3.30க்குள் வந்துவிட வேண்டும். முதுகலைக் கலைப் பாடங்களுக்கு 4,850 ரூபாய். அறிவியல் பாடங்களுக்கு 6,200 ரூபாய். வணிக மேலாண்மைக்கு 17,500 ரூபாய். விடுதிக் கட்டணம் இதில் சேராது. அதற்குத் தனி அறிவிப்பு வரும்.

டிசம்பர் 22 அன்று நாங்கள் வெளியிட்ட சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுகிறோம். அதில் "கட்டணம் செலுத்தத் தவறுவோரின் பெயர் வருகைப் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும்", "எக்காரணம் கொண்டும் கால நீட்டிப்பு வழங்கப்பட மாட்டாது" என்ற வரிகள் இருந்தன. எங்கள் நடைமுறை அப்படி இருந்ததே இல்லை. தவணை கேட்டவர்களுக்குப் பல ஆண்டுகளாகவே கொடுத்துவருகிறோம். ஆனால் அந்தச் செய்தி எந்த அறிவிப்பிலும் இல்லாததால், அலுவலகத்தில் தெரிந்தவர் இருந்தவர்களுக்கு மட்டுமே அது தெரிந்திருந்தது.

அந்தச் சுற்றறிக்கை வந்த மூன்றாம் நாள் ஒரு தந்தை எங்கள் சாளரத்துக்கு வந்தார். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். மஞ்சள் பையில் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். மகளின் பெயரை நீக்கிவிடுவார்கள் என்று பயந்து தோட்டை அடகு வைத்த பணம் அது. அந்த மாணவிக்கோ உதவித்தொகை விண்ணப்பம் ஏற்கப்பட்டு, பணம் வரவேண்டிய நிலையில் இருந்தது. அவர் அன்று ஒரு ரூபாய்கூடக் கட்டத் தேவையில்லை. இதை அறிவிப்பிலேயே எழுதியிருந்தால் அவர் வந்திருக்கவே மாட்டார். தவறு எங்களுடையது. வருந்துகிறோம்.

ஜனவரி 30 தாண்டினால் என்ன ஆகும்?

பிப்ரவரி 13 வரை 100 ரூபாய் தாமதக் கட்டணத்துடன் கட்டலாம். இது ஒருமுறை மட்டுமே. நாளுக்கு நாள் ஏறாது. அதன் பிறகு மார்ச் 13 வரை 300 ரூபாய். மார்ச் 13க்குப் பிறகும் பாக்கி இருந்து, நீங்கள் எங்களிடம் எதுவும் சொல்லாமலும் இருந்தால், தேர்வு நுழைவுச் சீட்டை இணையதளத்தில் பதிவிறக்க முடியாது. பாக்கியைக் கட்டிய அன்றோ, தவணைக்கு ஒப்புதல் பெற்ற அன்றோ அது திறக்கப்படும். உங்களைப் பாதிப்பது இது ஒன்றுதான்.

பெயர் நீக்கப்படாது. வகுப்புக்குத் தடையில்லாமல் வரலாம், வருகை பதிவாகும், நூலகத்தையும் ஆய்வகத்தையும் வழக்கம்போலப் பயன்படுத்தலாம். கட்டணப் பாக்கிக்காக எந்தத் துறையும் உங்கள் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழு 2018லேயே இதைத் தெளிவாக அறிவித்துவிட்டது. யாராவது கேட்டால் கொடுக்காமல் எங்களிடம் வாருங்கள். பாக்கி உள்ளவர்களின் பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதையும் இந்தப் பருவம் முதல் நிறுத்திவிட்டோம். உங்கள் பாக்கி உங்கள் கணக்கில் உங்களுக்கு மட்டுமே தெரியும்.

மொத்தமாகக் கட்ட முடியாதவர்களுக்கு

இரண்டு தவணையாகக் கட்டலாம். பாதியை ஜனவரி 30க்குள்ளும் மீதியை மார்ச் 13க்குள்ளும் கட்டினால் தாமதக் கட்டணம் கிடையாது. விண்ணப்பம் ஒரே பக்கம்தான். துறைத் தலைவரின் கையொப்பத்துடன் ஜனவரி 23க்குள் கொடுங்கள். காரணத்தை ஒரு வரியில் எழுதினால் போதும். வருமானச் சான்றிதழ், அடகு ரசீது, மருத்துவச் சீட்டு எதையும் இணைக்க வேண்டாம். வீட்டுக் கஷ்டத்தை ஆதாரத்தோடு நிரூபிக்கச் சொல்வது எங்கள் வேலையன்று. முதல் பாதியையும் கட்ட முடியாத நிலை என்றால் விண்ணப்பத்தில் அதையே எழுதிவிட்டு நேரில் வந்து பேசுங்கள். 23ஆம் தேதியைத் தவறவிட்டவர்களும் வரலாம். அதற்குள் வந்தால் ஒப்புதல் 30க்கு முன்பே கையில் இருக்கும், அவ்வளவுதான்.

உதவித்தொகையும் கல்விக் கடனும்

குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருப்பவர்கள் இப்போது எதுவும் கட்ட வேண்டாம். விண்ணப்ப எண்ணை மட்டும் ஜனவரி 30க்குள் எங்களிடம் பதிந்துவிடுங்கள். தொகை உங்கள் வங்கிக் கணக்கில் வந்த 15 நாளுக்குள் கட்டினால் போதும். ஆதாருடன் இணைக்கப்படாத கணக்கு என்றால் பணம் வந்து சேராமல் நின்றுவிடலாம். இணைந்திருக்கிறதா என்று இந்த வாரமே வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் பார்த்த தாமதங்களில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்தில்தான் சிக்கின.

புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறுபவர்களுக்கு: அது உங்கள் பணம். கட்டணத்தோடு அதைக் கணக்குப் பார்க்க மாட்டோம்.

கல்விக் கடன் பெறுபவர்கள் வங்கியின் ஒப்புதல் கடித நகலைக் கொடுத்தால் போதும். பணம் வந்துசேரும் வரை காத்திருப்போம். வங்கி கேட்கும் போனஃபைடு சான்றிதழும் கட்டண விவரச் சான்றிதழும் கேட்ட மறுநாளே கட்டணமின்றிக் கிடைக்கும்.

பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை என்றால்

பதறி இரண்டாம் முறை கட்டிவிடாதீர்கள். கடந்த பருவத்தில் ஒரு மாணவர் ஒரே இரவில் மூன்று முறை கட்டிவிட்டு, திரும்பப் பெறும் வரை மெஸ் பில்லுக்குக் கடன் வாங்கினார். யுபிஐ மூலம் கட்டியிருந்தால் பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பொறுத்து இணையதளத்தில் பாருங்கள். பெரும்பாலும் ரசீது வந்திருக்கும். வராவிட்டால் அந்த எண்ணுடன் எங்களிடம் வாருங்கள். எங்களுக்கு வந்துசேராத பணத்தை ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே உங்கள் கணக்கில் திருப்பிப் போட வேண்டும். தவறினால் அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2019இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டது ஜனவரி 30 அல்லது அதற்கு முன் என்றால், உரிய நேரத்தில் கட்டியதாகவே எடுத்துக்கொள்வோம்.

கட்டணம் கேட்டு வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ நாங்கள் இணைப்பு எதுவும் அனுப்புவதில்லை. அப்படி வந்தால் திறக்காதீர்கள்.

எங்கே, யாரைப் பார்ப்பது?

நிர்வாகக் கட்டடம், தரைத்தளம், 4ஆம் எண் அறை. காலை 10 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும். மதிய உணவு நேரத்திலும் ஒருவர் இருப்பார். தவணை பற்றித் தனியே பேச விரும்புபவர்கள் சாளரத்தில் வரிசையில் நிற்க வேண்டாம். நேரே உள்ளே வரலாம். பொங்கலுக்காக ஜனவரி 15 முதல் 18 வரையும், குடியரசு நாளான 26ஆம் தேதியும் அலுவலகம் இயங்காது. அந்நாட்களில் இணையவழியில் கட்டலாம். பெற்றோர் நேரில் வரத் தேவையில்லை. தொலைவிலிருந்து வர நினைத்தால், கிளம்பும் முன் உங்கள் பிள்ளையை ஒருமுறை எங்களிடம் கேட்கச் சொல்லுங்கள்.

துணைப் பதிவாளர்
கட்டணப் பிரிவு