கடல் ஏறிய இரவு: தனுஷ்கோடி புயலைப் பற்றி ஊரார் சேர்ந்து எடுக்கும் அனிமேஷன் படம்

தேவைப்படும் தொகை: ₹9,60,000
நிதி அளிக்கக் கடைசி நாள்: மார்ச் 15

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்ததும், பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் அலையில் சிக்கி நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதும் பலரும் அறிந்த செய்தி. அன்றிரவு கரையோரக் குடிசைகளில் இருந்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதோ அவர்களுடைய குடும்பங்களுக்கு வெளியே அதிகம் பேசப்படவில்லை. அப்போது பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இப்போது எழுபதைக் கடந்துவிட்டார்கள். அவர்களில் பதினான்கு பேரின் பேச்சை இராமேசுவரம் தீவின் மீனவக் குடும்பத்து இளைஞர்களாகிய நாங்கள் ஒலிப்பதிவு செய்திருக்கிறோம். 12 நிமிடப் படத்துக்கு அந்தக் குரல்களே வசனம். வேறு வர்ணனையாளர் கிடையாது.

ரயிலின் விளக்கைத் தூரத்தில் பார்த்ததாக ஒரு பெரியவர் உறுதியாகச் சொல்கிறார். அந்த மழையில் எதிரே நின்ற ஆளே தெரியவில்லை, விளக்கு எங்கே தெரிந்திருக்கும் என்கிறார் அவருடைய அக்கா. எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல், இரண்டையும் அடுத்தடுத்த காட்சிகளாக வைத்திருக்கிறோம். நடிகர்களைக் கொண்டு எடுத்தால் வெள்ளத்தைக் காட்டவே கோடிக்கணக்கில் செலவாகும் என்பதும், இப்படி முரண்படும் நினைவுகளுக்கு வரைந்த படம் இடம் கொடுக்கும் என்பதும் நாங்கள் அனிமேஷனைத் தேர்ந்ததற்குக் காரணங்கள்.

ஊரும் மனிதர்களும் மூட்டு வைத்து வெட்டிய காகிதப் பாவைகளாக வருவார்கள். புயல் வரும் ஐந்து நிமிடங்கள் மட்டும் மணலால் ஆனவை: கீழிருந்து ஒளி பாயும் கண்ணாடியின் மேல், கழுவிக் காயவைத்துச் சலித்த மணலைப் பரப்பி, விரலாலும் தூரிகையாலும் அலையை வரைந்து, மேலே பொருத்திய கேமராவில் ஒரு படம் எடுத்து, அதையே கலைத்து அடுத்த அலையை வரைய வேண்டும். நொடிக்கு 12 படம் என்ற கணக்கில் அந்தப் பகுதிக்கு 3,600 படங்கள் தேவை. ஒரு மேசையில் நாளுக்கு முப்பது படம் முடிந்தாலே பெரிது என்பதால் மூன்று மேசைகள் போடுகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகில் போகும் எங்கள் பையன்கள் வீட்டிலிருக்கும் அந்த 61 நாட்களுக்குள் மணல் வேலையை முடிப்பது திட்டம். மின்வெட்டால் ஒரு காட்சி பாதியில் நின்றால் அதை முதலிலிருந்து எடுக்க நேரலாம். அதற்காகச் சில நாட்களை ஒதுக்கியிருக்கிறோம்.

தொகையில் பெரும்பங்கு, ₹4,20,000, வேலை செய்வோரின் கூலி. தடைக்கால வருமான இழப்பை அறிந்தவர்கள் இதை அதிகம் என்று சொல்லமாட்டார்கள் என்று நம்புகிறோம். ஒலிச்சேர்ப்புக்கும் இசைக்கும் ₹1,40,000, கேமரா வாடகைக்கும் ஒளிமேசைகளுக்கும் ₹1,35,000, பேசிய பெரியவர்களுக்கு மதிப்பூதியமாக ₹60,000 ஆகும். துணைவசனத்துக்கும் திரையரங்குப் பிரதிக்கும் ₹50,000, தீவில் நடத்தும் திரையிடல்களுக்கு ₹55,000, கைம்மாறுப் பொருட்களுக்கும் அஞ்சலுக்கும் ₹60,000, கட்டணங்களுக்கு ₹40,000 வைத்திருக்கிறோம்.

நீங்கள் அளிப்பதற்கு எங்கள் கைம்மாறு

₹300: படத்தின் இறுதியில் நீங்கள் எழுதித் தரும் எழுத்துக்கூட்டலிலேயே உங்கள் பெயர் வரும்.

₹1,000: மேற்கண்டதுடன், படத்தைப் பார்ப்பதற்கான கடவுச்சொல் இணைப்பு.

₹2,500 (120 பேருக்கு): இவற்றுடன், படப்பிடிப்பில் பயன்படுத்திய காகிதப் பாவை ஒன்று, அட்டையில் பொருத்தி அஞ்சலில் வரும். மூட்டு தேய்ந்தும் ஓரம் மடங்கியும் இருக்கும். திருத்தாமல் அப்படியே அனுப்புவோம்.

₹6,000 (40 பேருக்கு): பாவைக்குப் பதிலாக, கையால் தீட்டிய பின்னணி ஓவியத்தின் மூலப்பிரதி. மணல் காட்சிகளுக்கு மூலப்பிரதி என்று எதுவும் மிஞ்சாது என்பதால் அவற்றைக் கேட்க வேண்டாம்.

₹15,000 (10 பேருக்கு): இராமேசுவரத்தில் ஒரு நாள் எங்களோடு மேசையில் அமர்ந்து மணலில் படம் எடுக்கலாம். மதிய உணவு எங்கள் பொறுப்பு. பயணமும் தங்கலும் உங்களுடையவை.

₹40,000 (4 இடங்களுக்கு): தமிழ்நாட்டில் உங்கள் கல்லூரியிலோ நூலகத்திலோ திரையிட்டு, எங்களில் இருவர் வந்து உரையாடுவோம்.

தனுஷ்கோடியின் நினைவாகப் பவளக்கல் துண்டு தர முடியுமா என்று சிலர் கேட்டார்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, தரமாட்டோம். நன்கொடையாளரின் முகத்தைப் பாத்திரமாக வரைவதும் இல்லை, ஏனெனில் படத்தில் வருபவர்கள் பலரும் அன்று இறந்த உறவினர்கள்.

படம் வரும் டிசம்பர் 22 அன்று முதலில் தீவில் திரையிடப்படும். இணைப்பு மறுநாள் உங்களுக்கு வரும். பாவைகளும் ஓவியங்களும் ஜனவரிக்குள் அனுப்பப்படும். இது முதலீடு அன்று, இலாபப் பங்கும் வருமான வரிச் சலுகையும் இல்லை. இந்திய வங்கிக் கணக்குகளிலிருந்து வரும் தொகையை மட்டுமே ஏற்கிறோம். மார்ச் 15க்குள் முழுத்தொகை சேராவிட்டால், அளித்த பணம் அவரவர் கணக்குக்கே பிடித்தமின்றித் திரும்பிவிடும்.