பாதி டிக்

செக் எத்தனை மாதம் செல்லும் என்று சபாபதி சாட்பாட்டில் தட்டினார். மூன்று, 2012 ஏப்ரலுக்கு முன் ஆறு என்று வந்தது. நோட்டில் சிவப்பு டிக்.

1985இல் சேமிப்புக் கணக்குக்கு வட்டி? தினசரி இருப்பின்மேல் என்றது, துளித் தயக்கமில்லாமல்.

"அது 2010லதான் வந்துச்சு. அப்போ பத்தாம் தேதியிலேர்ந்து மாசக் கடைசிவரைக்கும் இருக்கிற குறைஞ்சபட்ச இருப்புக்குத்தான் வட்டி. பதினொண்ணாந் தேதி பணம் போட்டா அந்த மாசம் பட்டை நாமம்!"

"தெரிஞ்சதையே ஏன் தாத்தா கேக்கறீங்க?"

"தெரியாததைக் கேட்டா பொய்யைப் பிடிக்க முடியுமா?"

அடுத்த கேள்வி: டிரயல் பாலன்ஸில் பற்றுக்கும் வரவுக்கும் 180 ரூபாய் உதைக்கிறது, ஏன்? ஒன்பதால் வகுபடுவதால் 1,860ஐ 1,680 என்று மாற்றி எழுதியிருக்கலாம் என்றது. பாதி டிக் போட்டார்.

"சரிதானே தாத்தா?"

"90 ரூபாய் பதிவு பற்றுக்குப் பதிலா வரவுல ஏறினாலும் 180தாம்மா உதைக்கும்."