ஆகஸ்ட் 10 முதல் 16 வரை: வாலிபால் இடப்பக்க அட்டாக்கருக்கான வாரப் பயிற்சித் திட்டம்

அல்சூர் அணிக்காக நான்காம் நிலையிலிருந்து அடிக்கும் வலக்கை ஆட்டக்காரர் என்ற முறையிலும், அதே வாரத்தில் வொயிட்ஃபீல்டில் உங்கள் அலுவலக அணிக்கும் ஆடுபவர் என்ற முறையிலும் உங்களுக்காக இத்திட்டம் எழுதப்படுகிறது. இங்கே நான் என்ன செய்யச் சொன்னேன் என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியாது; அங்கே எத்தனை முறை குதித்தீர்கள் என்பது எனக்குத் தெரியாது; ஆனால் உங்கள் முழங்காலும் தோளும் இரண்டையும் ஒரே கணக்கில்தான் எழுதிக்கொள்கின்றன. கடந்த வாரம் இரு அணிகளிலும் சேர்த்துத் தாவல்கள் 240ஐத் தாண்டியதும், வியாழன் காலை படியிறங்கும்போது இடது முழங்காலின் சில்லுக்குக் கீழே வலி தோன்றியதும் தற்செயலாக ஒன்றாக வந்தவை என்று நான் நினைக்கவில்லை.

ஆகவே இவ்வாரத்துக்கு உச்சவரம்பு இது: தாவல் 180, கையடி 180. முழு ஓட்டத்துடன் அடிக்கும் ஸ்பைக்கும் பிளாக்குக்கு எழும்புவதும் தாவலாகக் கணக்கிடப்படும். ஸ்பைக்கும் சர்வும் கையடியாகக் கணக்கிடப்படும். வார்ம்-அப்பில் வலையருகே வரிசையில் நின்று ஜாலியாக அடிக்கும் பந்துகளும் இதில் அடக்கம், ஏனெனில் பெரும்பாலான அட்டாக்கர்கள் கணக்கில் விட்டுவிடுவது அவற்றைத்தான். ஒவ்வொரு பயிற்சியும் முடிந்தவுடன், ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே, எண்ணைக் கைப்பேசியில் குறித்துவிடுங்கள். வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுதும் எண் எப்போதும் குறைவாகவே இருக்கும்.

திங்கள், ஆகஸ்ட் 10. தாவலும் இல்லை, கையடியும் இல்லை. காலையில் இருபது நிமிடம் நடையோ சைக்கிளோ போதும். மாலையில் ஜிம்மில் லெக் எக்ஸ்டென்ஷன் இயந்திரத்தில் முழங்காலைச் சுமார் 60 பாகை மடக்கிய நிலையில், கால் அசையாமல் 45 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் ஐந்து முறை, இடையில் இரண்டு நிமிட ஓய்வு. சில்லுக்குக் கீழுள்ள தசைநாருக்குச் சுமை தேவை, ஆனால் எகிறும் சுமை இன்று வேண்டாம் என்பதே இதன் நோக்கம். பத்துக்கு மூன்று வரையிலான வலி அனுமதிக்கத்தக்கது. அதற்கு மேல் போனால் எடையைக் குறையுங்கள்.

செவ்வாய், ஆகஸ்ட் 11. வாரத்தின் கடினமான நாள் இதுவே. 60 தாவல்கள்: 40 ஸ்பைக், 20 பிளாக். அவற்றுடன் 15 சர்வ் சேர்ந்து கையடி 55.

முதலில் சுவரருகே சாக்பீஸ் பூசிய விரலால் முழு ஓட்டத்துடன் மூன்று முறை தொட்டு, உயர்ந்த தடத்தை அளந்துகொள்ளுங்கள். (இந்த மூன்றும் அறுபதில் அடங்கும், அவற்றுக்கு ஈடாக மூன்று ஸ்பைக்கைக் குறைத்துக்கொள்ளலாம்.) உங்கள் வழக்கமான உயரம் 3.08 மீட்டர். அது 3.03க்குக் கீழே இருந்தால் உடல் இன்னும் ஞாயிறிலிருந்து மீளவில்லை என்று கொண்டு, அன்றைய ஸ்பைக்குகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள்; பயிற்சி நடுவில் என்னிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஓட்டத்தைப் பொறுத்தவரை, உங்கள் கடைசி மூன்று அடிகள் இடது, வலது, இடது என்று சரியாகவே விழுகின்றன. குறை இருப்பது வேகத்தில். முதல் அடியிலேயே முழு வேகத்தைச் செலவழித்துவிட்டு, நீளமாக விழ வேண்டிய வலது அடியைக் குறுக்கிக்கொள்கிறீர்கள். மெதுவாகத் தொடங்கி விரைவாக முடிக்க வேண்டும்: மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னால் காத்திருந்து, செட்டரின் கையை விட்டுப் பந்து கிளம்பிய பிறகே நகர்ந்து, வலது குதிகால் முதலில் ஊன்றும்படி நீண்ட அடி வைத்து, அதே கணத்தில் இரு கைகளையும் பின்னுக்கு முழுவதுமாக வீசி, இடது பாதத்தைச் சற்று உள்நோக்கித் திருப்பி ஊன்றி மேலெழுங்கள். முன்னோக்கி ஓடி வந்த வேகத்தை மேல்நோக்கித் திருப்புவது அந்த இடது பாதம்தான். முதல் பத்து ஸ்பைக்குகளைப் பந்து இல்லாமலும், அடுத்த பத்தைச் செட்டர் கையால் எறிந்து தரும் பந்திலும், மீதி இருபதை ரிசீவ் செய்து வரும் உண்மையான செட்டிலும் அடியுங்கள். ஐந்துக்கு ஒரு முறை ஒரு நிமிடம் நில்லுங்கள். மூச்சிரைக்க அடிக்கும் ஸ்பைக்கில் உயரம் வளராது, பிழைதான் பழகும்.

களப்பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் ஸ்க்வாட் நான்கு செட், ஒவ்வொன்றும் ஐந்து முறை. கடைசி முறையிலும் இன்னும் இரண்டு முறை எழ முடியும் என்ற அளவு எடையே போதும். கடினமானவற்றை ஒரே நாளில் அடுக்கினால்தான் மறுநாள் உண்மையான ஓய்வு நாளாக இருக்கும்.

புதன், ஆகஸ்ட் 12. அலுவலக வளாகத்தில் இருப்பது சிமெண்ட் கோர்ட். அங்கே ஸ்பைக்கும் இல்லை, பிளாக்கும் இல்லை. தரையில் நின்றபடியே 15 ஃப்ளோட் சர்வ், விருப்பமிருந்தால் ரிசீவ் பயிற்சி, அவ்வளவே. சக ஊழியர்கள் கேலி செய்வார்கள் என்பது தெரியும். லிபரோவாக ஒரு நாள் ஆடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிடுங்கள், உங்கள் ரிசீவுக்கும் அது தேவைதான். திரும்பும்போது மெட்ரோவில் இடம் கிடைத்தாலும் பாதி வழியாவது நின்று வாருங்கள். நாள் முழுதும் நாற்காலியில் மடங்கிய இடுப்பு மறுநாள் ஓட்டத்தைக் குறுக்கிவிடும். திங்களன்று செய்த 45 விநாடிப் பிடிப்பை இன்றும் செய்ய வேண்டும்.

வியாழன், ஆகஸ்ட் 13. 24 ஸ்பைக், 16 பிளாக், 16 சர்வ். தாவல் 40, கையடி 40. இன்றைய கவனம் தரையிறங்கலில்.

உங்கள் காணொளியில் நான் கண்டது இது: பந்து தலைக்குப் பின்னாலோ இடது தோளுக்கு மேலோ போகும்போது உடல் இடப்பக்கம் சாய்கிறது, வலது இடுப்பு மேலே ஏறுகிறது, அதனால் முழு எடையும் இடது காலில் மட்டும் இறங்குகிறது. வலக்கை அட்டாக்கர்கள் பலரிடம் காணப்படும் பழக்கம் இது. "இரண்டு காலில் இறங்கு" என்று கரையிலிருந்து நான் கத்துவதால் இது மாறாது, ஏனெனில் எந்தக் காலில் இறங்குவது என்பது ஓட்டத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. பந்து வலது தோளுக்கு முன்னால் இருக்கும்படி ஓட்டத்தின் கோணத்தைத் திருத்திக்கொண்டால், இரண்டு கால்களும் தாமாகவே ஒன்றாக வரும். எனவே 24 ஸ்பைக்குகளிலும் பந்து எங்கே விழுந்தது என்று பார்க்காதீர்கள். இறங்கிய இடத்தில் இரண்டு விநாடி அசையாமல் நிற்க முடிந்ததா என்பதை மட்டும் பாருங்கள். செட் மோசமாக வந்தால் அடிக்காமல் பந்தைத் தட்டி அனுப்புவது இன்று சரியான விடை.

ஸ்பைக்குக்கு முன்பு 30 சென்டிமீட்டர் உயரப் பெட்டியிலிருந்து இறங்கும் பயிற்சி, ஐந்து ஐந்தாக மூன்று செட். இது 180இல் சேராது. பெட்டியிலிருந்து குதிக்க வேண்டாம். ஒரு காலை வெளியே வைத்து விழுந்து, இரண்டு பாதங்களும் ஒரே நேரத்தில் தரையைத் தொட, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி முழங்காலை மடக்கி, மூன்று விநாடி நில்லுங்கள். முழங்கால் இரண்டாம் கால்விரலுக்கு நேராக இருக்க வேண்டும். உள்நோக்கிச் சரியக் கூடாது. கைப்பேசியை இடுப்புயரத்தில் வைத்து எதிரிலிருந்து படம் பிடித்தால் இது தெளிவாகத் தெரியும். சத்தமும் நல்ல அளவுகோல்: தரை அதிர்ந்தால் மடக்கம் போதவில்லை. மூன்றாம் செட்டில் யாராவது தோளில் இலேசாக இடிக்கட்டும், ஆட்டத்தில் நிதானமாக இறங்க யாரும் விடுவதில்லை.

வலையருகே இன்னொரு கவனம். கணுக்கால் சுளுக்குகளில் பல, நடுக்கோட்டருகே எதிரணி பிளாக்கரின் பாதத்தின் மேல் இறங்குவதால் ஏற்படுபவை. பாதத்தின் ஒரு பகுதி நடுக்கோட்டின் மீதோ அதற்கு மேலோ இருக்கும்வரை எதிர்ப்பக்கம் தொடுவது விதிப்படி தவறில்லை. ஆனால் நடுவர் விசில் ஊதாததால் கணுக்கால் தப்பிவிடாது. அரை அடி பின்னாலிருந்து எழும்பப் பழகுங்கள். இறுதியில் ஒற்றைக்கால் ரொமேனியன் டெட்லிஃப்ட் எட்டு எட்டாக மூன்று செட், கெண்டைக்கால் உயர்த்தல் பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று செட். மாலையில் மழை பெய்து மண் கோர்ட் வழுக்கினால் ஸ்பைக்கை முழுவதும் கைவிட்டு, பெட்டிப் பயிற்சியையும் இவற்றையும் கூரைக்கு உட்பட்ட இடத்தில் செய்துவிடுங்கள்; விட்டுப்போன தாவல்களை மறுநாள் ஈடுகட்டக் கூடாது.

வெள்ளி, ஆகஸ்ட் 14. தாவலும் கையடியும் இல்லை, தோளுக்கான நாள். அடிக்கும்போது கையை முன்னே வீசும் மார்புத் தசையும் முதுகுத் தசையும் தாமாகவே வலுப்பெறுகின்றன. வீச்சை நிறுத்தும் பின்தோள் தசைகள் அதே வேகத்தில் வலுப்பெறுவதில்லை. பக்கவாட்டில் படுத்து, முழங்கைக்கடியில் மடித்த துண்டை வைத்து, 2 கிலோ டம்பெல்லை வெளிப்பக்கம் சுழற்றி உயர்த்தி மூன்று விநாடியில் இறக்குவது, பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று செட். பின்னர் முழங்கையைத் தோளுயரத்தில் வைத்து ரெசிஸ்டன்ஸ் பேண்டைப் பின்னுக்குச் சுழற்றுவது, பத்து பத்தாக மூன்று செட். தோள்பட்டை எலும்பை நிலைநிறுத்த, குப்புறப் படுத்துக் கைகளை ஒய் வடிவில் உயர்த்துவதும், தண்டாலின் உச்சியில் முதுகை மேலும் தள்ளி நிறுத்துவதும் இரண்டிரண்டு செட். வலது கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து 30 விநாடி வைக்கும் நீட்சியைத் தினமும் இரவில் செய்யுங்கள். இழுப்பு தோளின் பின்புறம் தெரிய வேண்டும், முன்புறம் கிள்ளினால் நிறுத்திவிடுங்கள்.

சனி, ஆகஸ்ட் 15. கொடியேற்றியபின் பேட்டையில் நட்பு ஆட்டம் வைப்பார்கள், உங்களையும் கட்டாயம் இழுப்பார்கள். ஆடலாம், ஒரே ஒரு செட். 15 ஸ்பைக், 5 பிளாக், 10 சர்வ்: தாவல் 20, கையடி 25. அதற்குப் பிறகு மாலைப் பயிற்சிக்கு வர வேண்டாம்; ஆடாவிட்டால் அதே எண்ணிக்கையை மாலையில் முடிக்கலாம். இரண்டையும் சேர்த்து ஆடுவது கிடையாது.

ஞாயிறு, ஆகஸ்ட் 16. காலை பத்து மணிக்கு லீக் ஆட்டம். மீதமிருப்பது 60 தாவல், 45 கையடி. வார்ம்-அப்பில் ஆறு ஸ்பைக்குக்கு மேல் வேண்டாம்; கடைசி இரண்டை மட்டும் முழு பலத்துடன் அடியுங்கள். ஐந்து செட் வரை போனால் வரம்பு மீறலாம், அதற்காக நடுவில் வெளியேற வேண்டியதில்லை. ஆனால் மீறிய எண்ணிக்கை அடுத்த செவ்வாயிலிருந்து கழிக்கப்படும்.

இவ்வாரம் எந்த நாளிலும், படியிறங்கும்போது முழங்கால் வலி பத்துக்கு நான்கைத் தொட்டாலோ, காலையில் எழுந்தபின் அரை மணி நேரமாகியும் குறையாவிட்டாலோ, அன்றைய தாவல்கள் ரத்து. தோளில் இரவு தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கையில் மரமரப்பு, அல்லது தோள்பட்டை எலும்பின் பின்புறத் தசை ஒரு பக்கம் மட்டும் குழிந்திருப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் பயிற்சியை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தோளில் ஒரு நரம்பு அழுந்துவதால் வரும் அந்தக் குழிவு வாலிபால் ஆட்டக்காரர்களிடம் வலியே இல்லாமலும் தோன்றக்கூடியது, ஆகவே வாரத்துக்கொரு முறை வீட்டில் யாரையாவது முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். ஞாயிறு இரவுக்குள் ஏழு நாள் எண்களையும் வியாழக்கிழமைக் காணொளியையும் எனக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்த வாரத்தின் 180ஐக் கூட்டுவதா குறைப்பதா என்பதைத் திங்கள் காலை சொல்கிறேன்.